திங்கட்கிழமை வந்த ராஜினாமா

"நாலு நாளா மேனேஜர் என் முகத்தையே பார்க்கலைங்க..."

"நேத்து உன்னை நாலு பேர் முன்னாடி புகழ்ந்தாரே, அது?" என்றான் கணவன்.

"அதெல்லாம் கண்துடைப்பு! வேலை போகும், வீடு போகும், பிள்ளைங்க படிப்பு போகும். நடுத்தெருதான்!"

"நீ நினைக்கிறதுக்கு ஒத்து வர்றதை மட்டும்தான் எண்ணுறே."

"அவங்க துரத்துறதுக்குள்ள நானே போயிடறேன்."

ஆயத்த ஆடை ஆலையில் துணி சோதிப்பவள் அவள். அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மேனேஜர் அறையில் பையைத் திறந்தாள். கடிதம் உள்ளே இருந்தது. அவர் மேசையிலும் அதே கடிதம், அவள் கையெழுத்தில் இருந்தது.

"இது திங்கட்கிழமையே வந்துடுச்சும்மா. உங்களைச் சூப்பர்வைசர் ஆக்கறதா இருந்தேன். அப்புறம் உங்க முகத்தைப் பார்க்கவே மனசு வரல. அந்த இடத்துக்கு ஆளும் எடுத்தாச்சு. ஏன்மா இப்படி அவசரப்பட்டீங்க?"