மாத்திரை போட்டாச்சா?

காலையில் போனுக்குச் செய்தி வரும்: ‘மாத்திரை போட்டாச்சா? போட்டிருந்தால் 1 என்று பதில் அனுப்பவும்.’

ஓய்வுபெற்ற டீச்சர் மாத்திரையை விழுங்குவார். பதில் அனுப்ப மாட்டார். அரைமணியில் அதே செய்தி மறுபடி வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தகவல் போகும். அவள் உடனே கூப்பிடுவாள்.

“என்னம்மா, இன்னிக்கும் மறந்துட்டீங்களா?”

“வயசாச்சுல்லடி. நீ சாப்பிட்டியா?”

“பேச்சை மாத்தாதீங்க. பதில் சொல்லாத பிள்ளைங்களை பெஞ்சு மேல ஏத்தினவங்கதானே நீங்க!”

இருவரும் சிரிப்பார்கள்.

முதலில் காலையில் மட்டும்தான். பிறகு மதியம், இரவு மாத்திரைகளுக்கும் டீச்சர் பதிலை நிறுத்தினார். அழைப்பு தவறிவிடுமே என்று நூலகம் போவதை விட்டார். மாலை நடையும் நின்றது. குளிக்கும்போதுகூட போன் வாளிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஒருநாள் மகள் அலுத்துக்கொண்டாள். “வேலைக்கு நடுவுல மூணு வேளையும் முடியலம்மா. ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். இனிமே ஒருவேளைகூட தவறாம என் குரல் கேக்கும்.”

மறுநாள் டீச்சர் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு, இரண்டு செய்திகளையும் கடக்கவிட்டுக் காத்திருந்தார். போன் அடித்தது.

“அம்மா, மாத்திரை போட்டீங்களா?”

“போட்டுட்டேன்டி. நீ சாப்பிட்டியா?”

“போட்டிருந்தா ஒண்ணை அழுத்துங்க.”

“என்னடி சொல்றே?”

“போட்டிருந்தா ஒண்ணை அழுத்துங்க.”

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். டீச்சர் அழுத்தவில்லை. இணைப்பு அறுந்தது.

சற்று நேரத்தில் போன் மீண்டும் அடித்தது.

“அம்மா, மாத்திரை போட்டீங்களா?”

“மறந்துட்டேன்டி,” என்றார் டீச்சர். “நீ சாப்பிட்டியா?”