லுஹருக்கு ஓர் அறை

தகரக் கூரையில் மழை இரைகிறது. பாடசாலை அதிபர் நாகலிங்கம் கடிதத்தை மறுபடியும் வாசிக்கிறார். மேசை முன்னால் யும்னா நிற்கிறாள். தேயிலைத் தோட்டப் பாடசாலையின் உயர்தரப் பரீட்சை வகுப்பில் அவள் ஒருத்திதான் முஸ்லிம். மேலதிக வகுப்பு முடிந்து பஸ்ஸில் கொடகவெலயிலுள்ள வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நண்பகல் லுஹர் தொழுகை நேரம் தப்பிவிடுகிறது. பகல் இடைவேளையில் பத்து நிமிடம் தொழ அமைதியான அறை வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். "யாரு எழுதச் சொன்னது?" என்று அதிபர் கேட்கிறார். பாடசாலையை விட்டே அனுப்பிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். "நானேதான் சேர்." "வாப்பாவுக்குத் தெரியுமா?" "தெரியாது சேர். சொன்னா, ஸ்கூல்ல எனக்குப் பிரச்சினை வருமோன்னு பயப்படுவாரு." அதிபர் பேனாவைத் திறந்து, 'நூலக அறையைப் பாவிக்கலாம்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார். "வாப்பாவுக்கு இன்னைக்கே சொல்லிரும்மா. ஊர்க்கதையா அவரு காதுக்குப் போகக் கூடாது." யும்னா தலையாட்டுகிறாள். தகப்பனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் பயம் இப்போது வீட்டுப் பக்கம் திரும்புகிறது.