எஃப்.சி. மாதம்

பி.எஃப். அலுவலகத்து அம்மாள் பென்ஷன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரைக் கருப்பணன் பக்கம் திருப்பினாள். கண்டக்டராக இருந்த பத்து வருடத்திலும், வருடத்துக்கு ஒரு மாதம் சந்தா விழவே இல்லை.

"பத்து வருஷம் கட்டியிருக்கணுங்க. ஒன்பதரை இருந்தாலும் பத்துன்னு எடுத்துக்குவோம். உங்களுக்கு ஒன்பது வருஷம் ரெண்டு மாசந்தான். மாசாமாசம் பென்ஷன் வராது, மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கலாம்."

எல்லாம் எஃப்.சி. மாதங்கள். தகுதிச் சான்று வாங்க பஸ் பட்டறையில் நிற்கும். அவர் துரு சுரண்டுவார், பெயின்ட் அடிப்பார். முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஆள் வேலைக்கே வரவில்லை என்று கணக்குக் காட்டியிருக்கிறார்.

"வேலை பார்த்ததுக்கு அத்தாட்சி இருக்குங்களா?"

ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் ஏது, டிரிப் ஷீட் ஏது?

ஊர் திரும்ப, அவர் கண்டக்டராக இருந்த அதே பஸ்தான் கிடைத்தது. உள்ளே, பட்டறையில் அவர் கையால் சிவப்பில் எழுதிய எழுத்து அப்படியே இருந்தது: 'டிக்கெட்டைக் கேட்டு வாங்கவும்.'

"உங்களுக்கு எதுக்குங்ண்ணா டிக்கெட்டு?" என்று சிரித்தான் புதுக் கண்டக்டர்.

"கிழிச்சுக் குடுடா," என்றார் கருப்பணன். "இந்த வண்டியில நான் இருந்ததுக்கு ஒண்ணாவது கையில இருக்கட்டும்."