வாங்க தாயி

"ஏம்மா, வெளியே போர்டுல எழுதிப் போட்டிருக்குல்ல? படிச்ச பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு என்னைப் போட்டு உசிரை எடுக்குறியே!"

காலேஜ் அட்மிஷன் கவுண்டருக்குள்ளிருந்து கத்தினான் முத்துவீரன். புதுசா வேலைக்கு வந்த கிளார்க். வாய் அப்படி.

கவுண்டருக்கு வெளியே பாரமும் கையுமாக நின்றாள் ஒச்சம்மாள். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் மண் சலிக்கிறவள். மகள் புஷ்பவள்ளி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அவர்கள் வகையறாவில் அதுவரை ஒருத்தரும் எட்டாத உயரம். பி.யு.சி.யில் சேர்ந்தால் படிப்பு. இல்லாவிட்டால் ஆவணியில் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அவன் தேதியே குறித்துவிட்டான்.

"முப்பதாம் தேதி வரைக்கும் டயம் இருக்குன்னு சொன்னாகளேய்யா..."

"அது உபகாரச் சம்பளம், ஸ்காலர்ஷிப் பாரத்துக்கும்மா! அட்மிஷன் பாரத்துக்கு இன்னைக்குத்தான் கடைசி. அஞ்சு மணிக்கு ஜன்னலைச் சாத்திருவோம். ரெண்டும் வேற வேற. எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம், டி.சி., நடத்தைச் சர்டிபிகேட் எல்லாம் இருக்கா?"

"இருக்குய்யா. சாதிச் சர்டிபிகேட்டுதான்... தாசில்தாரு கிராமக் கணக்குப் பாக்க ஜமாபந்திக்குப் போயிட்டாக."

"போனாப் போறாரு! 'பின்னால் தருகிறேன்'னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்தைப் போட்டு பாரத்தைக் குடு. தள்ளு, பின்னால ஆள் நிக்குது. என்ன முழிக்கிற? குடும்மா!"

கிடுகிடுவென்று அவன் கொட்டியதில் பாதிகூட அவள் காதில் ஏறவில்லை. எட்டிப் பிடுங்க வந்த கையைப் பார்த்து பாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"யாருப்பா அது, பொம்பளையைப் போட்டு இப்படி விரட்டுறது?"

உள்ளேயிருந்து ஹெட்கிளார்க் சத்தியமூர்த்தி எழுந்து வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, முகம் நிறையச் சிரிப்பு.

"வாங்க தாயி. இங்குட்டு வாங்க. உக்காருங்க. எந்த ஊருலேருந்து வாரீக? வெயில்ல வந்திருக்கீக, முதல்ல தண்ணி குடிங்க."

ஒச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த ஆபீசிலாவது அவளை யாராவது உட்காரச் சொல்லியிருக்கிறார்களா?

சத்தியமூர்த்தி பாரத்தை நிதானமாகப் புரட்டினார். "பிள்ளை எழுத்து முத்து முத்தா இருக்கே! ஏந்தாயி, இதை இப்படி அரைகுறையாவா குடுக்கிறது? போய் தாசில்தார்கிட்ட சர்டிபிகேட்டை வாங்கி, எல்லாத்தையும் ஒண்ணா வச்சு அழகாக் கொண்டாங்க. பதறாதீக. நான் இருக்கேன்ல?"

"சார், இன்னைக்குக் கடைசித் தேதி..." என்றான் முத்துவீரன்.

"நீ சும்மா இருப்பா. முதல்ல மனுசங்ககிட்டப் பேசக் கத்துக்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பெரிய மனுசன்னா இப்படி இருக்கணும் என்றார் ஒருவர்.

ஜமாபந்திப் பந்தலிலேயே காத்துக் கிடந்து, கையில் காலில் விழுந்து, சர்டிபிகேட்டோடு திங்கட்கிழமை வந்தாள் ஒச்சம்மாள்.

"அடடே, வாங்க தாயி! உக்காருங்க." அதே சிரிப்பு. "இந்த வருசம் முடிஞ்சுபோச்சே. பாரமெல்லாம் நம்பர் போட்டு பிரின்சிபால் ரூமுக்குப் போயிருச்சு. அதுக்கென்ன, அடுத்த வருசம் முதல் ஆளா வந்துருங்க!"

புஷ்பவள்ளி சுவரோடு சாய்ந்து அழுதாள். அடுத்த வருசம் அவள் எங்கே, என்ன கதியில் இருப்பாளோ.

முத்துவீரன் ஒச்சம்மாள் கையிலிருந்த பாரத்தைப் பறித்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்கு ஓடினான். போன வேகத்தில் திரும்பினான். கடைசித் தேதி என்றால் கடைசித் தேதிதானாம். உள்ளே வாங்கிய ஏச்சு வெளியே வரை கேட்டது.

"அன்னைக்கே குடுத்துத் தொலைச்சிருக்கக் கூடாதாம்மா!" என்று கத்தினான். குரல் உடைந்துவிட்டது.

ஒச்சம்மாள் அவனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். "நீ அன்னைக்கு நாயை விரட்டுற மாதிரி விரட்டுனியே, அதுலயே எம்புள்ளை படிப்பு போச்சுய்யா. நீ நல்லா இருப்பியா?"

பிறகு சத்தியமூர்த்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க குடும்பத்தோட நல்லா இருக்கணும் சாமி." மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

முத்துவீரன் சத்தியமூர்த்தி பக்கம் திரும்பினான். "பின்னால் தர்றேன்னு எழுதி வாங்கியிருக்கலாமே சார்? சர்டிபிகேட்டை அட்மிஷன் இன்டர்வியூவுக்குக் கொண்டாந்தாப் போதும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்னப்பா. ஒரு குறைப் பாரம் வாங்கினா அதுக்குத் தனி லிஸ்ட்டு, தனிக் கடுதாசி, அதைத் துரத்திக்கிட்டு அலையணும், எல்லாம் என் தலையில. நீ கத்திக் கத்தி வேலையை வாங்கிச் சேக்குற." சத்தியமூர்த்தி அடுத்து நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். "'வாங்க, உக்காருங்க'ன்னு சொல்லி அனுப்பிப் பாரு, கும்பிட்டுட்டுப் போவாக."