நான்கு ஆணிகள்

வாடிப்பட்டி வயல்களுக்கு மேலே, குன்றின் உச்சியில், இடிந்த கோட்டைச் சுவரின் நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரு கற்களுக்கு நடுவே வெளுத்திருக்கும் பூச்சை ஜெனிஷா டீச்சர் விரலால் தடவுகிறார். "இது சிமெண்ட் இல்ல, சுண்ணாம்பு. சின்ன ஓட்டை விழுந்தாப் போதும், மழைத்தண்ணி உள்ள போயி அரிச்சுரும். உள்ள இருக்குற மண்ணு ஊறி, சுவரு வயிறு மாதிரி உப்பி, ஒருநா சரிஞ்சுரும். கட்டுனவுக எதையும் எழுதி வைக்கல. எப்படிக் கட்டுனாகன்னு இந்தச் சுவரு மட்டுந்தான் சொல்லும்." பிள்ளைகளின் கண்கள் அவர் தலைக்கு மேலே போகின்றன. அங்கே 'பாரம்பரியம் காப்போம்' என்ற பிளெக்ஸில் அவரே சிரித்துக்கொண்டிருக்கிறார். காலையில் அவர் சொல்லித்தான் கற்களின் இடுக்கில் ஆணி அடித்து அதைக் கட்டினார்கள். காற்று இழுக்கும்போதெல்லாம் ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி உதிர்கிறது. "அப்ப அந்த ஆணி, டீச்சர்?" என்கிறாள் முத்துமீனா. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தாங்கியிருப்பார். ஸ்டீபன் பிடுங்க ஓடுகிறான். "புடுங்காதடா! சுண்ணாம்பும் சேந்து வந்துரும்." டீச்சர் அவனைத் தடுக்கிறார். எக்கி நின்று, கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவரே அவிழ்க்கிறார். பிளெக்ஸ் சுருண்டு காலடியில் விழுகிறது. ஆணிகள் நான்கும் சுவரிலேயே நிற்கின்றன. அவர் திரும்பும்போது பிள்ளைகள் எல்லோரும், ரொம்பக் கவனமாக, கீழே வயல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.