கடைசிப் பொட்டலம்

மார்கழி முழுக்க வெள்ளைக் கோலமாவைப் படி படியாக அளந்து விற்றதில், பதினாறு வயது செண்பகத்திடம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் சேர்ந்திருந்தது. தட்டச்சு வகுப்புக்கு மூவாயிரம் கட்ட வேண்டும்.

"காசைக் கலர்ப்பொடில போடு பாப்பா. பொங்கலுக்குள்ள போயிடும்," என்றார் மொத்தக்கடைக்காரர். "மிஞ்சுனா அடுத்த மார்கழி வரைக்கும் நீதான் வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

சேர்த்ததை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தாள். விடிந்ததும் கிலோ அறுபது என்று முப்பது கிலோ வாங்கினாள். நூறு நூறு கிராமாகக் கட்டியதில் முந்நூறு பொட்டலம், ஒன்று பத்து ரூபாய். சைக்கிளில் மூன்று நாள் தெருத்தெருவாகக் கூவினாள். பொங்கலுக்கு முந்தின சாயங்காலம் வீடு திரும்பியபோது கையில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாயும், ஒரு சிவப்புப் பொட்டலமும் இருந்தன. மூவாயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைந்தது.

வாசலில் அம்மா நீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அப்பா போன வருஷம் மார்கழியில் இறந்ததிலிருந்து அந்த வாசலில் கோலம் கிடையாது. போன வாரம்தான் வருஷத் திவசம் முடிந்தது.

"அந்தச் செவப்பை இப்படிக் குடேன். நாளைக்கு நம்ம வாசல்லயும் போடலாம்."

செண்பகம் பொட்டலத்தை நீட்டினாள். மூன்று நாள் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லியது: "பத்து ரூபா, அக்கா."

அம்மா சிரிக்கவில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

செண்பகத்தின் கை நீட்டியபடியே இருந்தது.