செங்குறிக்கு ஒரு மாலை

நண்பரின் புதுக் கடைத் திறப்புக்கு வந்த அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

புதுச் சுண்ணாம்பையும் மீறிக் கடையின் முன்சுவரில் ஒரு சிவப்புக் கோடு கசிந்திருந்தது. கோட்டின் முனையில் ஓர் அம்பு. அருகே ஓர் எண்.

சுற்றிலும் சந்தனப் பொட்டுகள். மேலே ஒரு கதம்ப மாலை.

"கட்டட ஓனரு ரெண்டு தடவ வெள்ள அடிச்சுப் பாத்தாரு. போகல," என்றார் தவசிலிங்கம். பள்ளி நாளிலிருந்து நண்பர். இன்று மளிகைக்கடை முதலாளி. "அம்மனே குங்குமம் வச்சிருக்கா, அழிக்காதீயன்னுட்டா பேச்சி."

மனைவி பேச்சியம்மாள் உள்ளே சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

அம்பு உட்புறம் காட்டியது.

அவர் பார்வை அதன் வழியே சென்றது. கல்லாப்பெட்டி. அரிசி மூட்டைகள். சாமி படம். பின்சுவர்.

சாலையை அகலப்படுத்தியபோது, அவருடைய வீட்டின் முன்னறையை இப்படி ஒரு குறிதான் கொண்டுபோயிற்று.

முதல் போணி ஆகுமுன் கடையில் கெட்ட சொல் விழலாகாது.

அவர் உள்ளே வந்தார்.

"போணி நீதான் பண்ணணும்," என்றார் தவசிலிங்கம். " பேரம் பேசிராதடே. ஒங்கூட மீன் வாங்கப் போயி மானம் போனது போதும்."

அவர் உப்பும் மஞ்சளும் கேட்டார். தவசிலிங்கம் தராசைத் தொட்டுக் கும்பிட்டு நிறுத்தார். முள் நடுவில் நின்ற பிறகும் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிப் போட்டார். சில்லறை திருப்ப வேண்டாதபடி எண்ணி எடுத்து வந்திருந்த பணத்தை அவர் வலக்கையால் கொடுத்தார். தவசிலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

"நல்ல வார்த்த ஒண்ணு சொல்லுடே."

அவர் உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எடுத்த எடுப்புல ஓகோன்னு வராது. கொஞ்ச நாள் கையக் கடிக்கும். ஆனா நீ நிறுவையக் கொறைக்க மாட்ட. சனம் ஒன்னத் தேடி வரும்."

அவர் கண் பின்சுவர்வரை போய் வந்தது.

"நீ எங்க கட போட்டாலும் வரும்."

"எங்க போட்டாலுமா? அதான் இங்க போட்டாச்சே," என்று சிரித்தார் தவசிலிங்கம்.

உள்ளே தச்சர் மரத்தட்டுகளைச் சுவரில் பொருத்தி ஆணி அடிக்கத் தொடங்கினார்.

"ஆணி வேண்டாம்டே," என்று அவர் தவசிலிங்கத்திடம் சொன்னார். " திருகாணி போடச் சொல்லு. கழத்தி மாட்டுற மாதிரி."

தவசிலிங்கத்தின் சிரிப்பு அரைகுறையாய் நின்றது.

பேச்சியம்மாள் சூடத் தட்டை நீட்டினாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினார்.

பக்கத்துத் தையற்கடைச் சுவரிலும் அதே சிவப்பு. அதற்கடுத்த சலூனிலும். அவற்றுக்கு மாலை இல்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னே தவசிலிங்கத்தின் காலடி படியிறங்கி, தையற்கடைப் பக்கம் வந்து நின்றது மட்டும் கேட்டது.

பிறகு, ஆணி அடிக்கும் ஓசை நின்றது.